'24 மணி நேரமும் தண்ணி வரும்' என்று சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பச்சைப் பொய்யால் அல்ல. உரிமையாளர் சொல்வது ஒருவகையில் உண்மையாகவே இருக்கும். நாம் கேட்ட கேள்விதான் அரைகுறையாக இருந்திருக்கும். ஒரு குடும்பம் ஏமாந்த விதத்தைப் பாருங்கள்.

நான்கு வீடுகள் உள்ள கட்டடம், இவர்கள் பார்த்தது இரண்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் போனார்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. "இருபத்து நாலு மணி நேரமும் வரும்" என்றார் உரிமையாளர். அன்றே அட்வான்ஸ் கைமாறியது. குடிவந்த முதல் திங்கட்கிழமை காலை 7 மணிக்குக் குளியலறைக் குழாயில் நூல்போல ஒழுகியது, அரை மணியில் அதுவும் நின்றது.

அவர் சொன்ன 24 மணி நேரம், மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை. தொட்டிக்கு எது, எப்போது, எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம்தான் தண்ணீர். அந்தக் குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப 50 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 12 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 720 லிட்டர். இரண்டு நாளைக்கு அவ்வளவுதான் என்பதால், ஒரு நாள் கணக்கு 360 லிட்டர். நான்கு வீட்டிலும் சேர்த்து 15 பேர். ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே நாளுக்கு 1500 லிட்டர் வேண்டும். மீதி 1140 லிட்டர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரவேண்டும். தொட்டியோ 1000 லிட்டர். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்தால் காலியாகாமல் என்ன செய்யும்? மோட்டார் சுவிட்ச் உரிமையாளர் வீட்டுக்குள் இருந்தது. அவர் ஊருக்குப் போனால் மோட்டார் போட ஆள் கிடையாது. ஞாயிறு 11 மணி என்பது எல்லோரும் குளித்து முடித்து, தொட்டி மறுபடி நிரம்பியிருக்கும் நேரம்.

இன்னொரு விஷயம் இரண்டாவது மாடிக்காரர்களை மட்டும் தாக்குவது. தொட்டியில் உள்ள நீர்மட்டம் குழாயைவிட எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அழுத்தம். தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் அந்த உயரம் இரண்டு மீட்டர்தான் இருக்கும். தரைத்தளத்தில் எட்டு மீட்டருக்கு மேல். ஒரே குழாய் எல்லா வீட்டுக்கும் இறங்கியிருந்தால், கீழே இருவர் குழாயைத் திறந்ததும் மேல் வீட்டில் ஓட்டம் குறையும். ஷவர் சொட்டும், உடனடி ஹீட்டர் வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும். வீடு பார்க்கும்போது சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றிலும் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரரையும் ஒரு நிமிடம் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று கண்ணால் தெரியும். வெட்கப்பட வேண்டாம், ஒரு நிமிட வேலை.

ஆகவே "தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள். தெருக்குழாய்த் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேளுங்கள். கீழ்த்தொட்டி, மேல்தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது, மோட்டாரை யார் போடுகிறார், அதன் மின்கட்டணம் எந்த மீட்டரில் ஏறுகிறது என்றும் கேளுங்கள். பற்றாக்குறை வந்தால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உரிமையாளர் முகம் மாறும். "அப்போ பாத்துக்கலாம்" என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலைச் சரிபார்க்கப் பெரிய வித்தை வேண்டாம். பக்கத்து வீட்டுக் குளியலறை வாசலில் பெரிய டிரம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு டிரம் என்றால் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் வராமல் நின்றுபோகிறது என்று பொருள். குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புநீர். கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை சரியாக வராது. தொட்டி மூடியைத் திறக்க விட்டால் உள்சுவரில் உள்ள கறைக்கோட்டைப் பாருங்கள்: அந்தத் தொட்டியில் தண்ணீர் வழக்கமாக எதுவரை நிற்கும் என்பதை அது காட்டும். இரண்டாவது முறை, வேலைநாளில் காலை 7 மணிக்குப் போங்கள். உரிமையாளர் தயங்கினால் அதுவே பதில்.

பேருந்து விஷயத்தில் ஏமாற்றும் சொல் "ஸ்டாப் ரெண்டே நிமிஷம்". ஸ்டாப் பக்கத்தில் இருந்து என்ன பயன், உங்கள் வேலையிடத்துக்கு நேர்ப் பேருந்து இருக்கிறதா? எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? அரை மணிக்கு ஒன்று என்றால் ஒன்றை விட்டால் அரை மணி போச்சு. இரண்டு பேருந்து மாற வேண்டுமென்றால் அது இருமடங்காகலாம். கடைசிப் பேருந்தைக் கேட்கும்போது "இங்கிருந்து எப்போ" என்று கேட்பவர்களே அதிகம். நமக்கு வேண்டியது அங்கிருந்து இங்கே வரும் கடைசிப் பேருந்து, அதுவும் இந்த ஸ்டாப் வரை வருகிறதா, நடுவழியில் டிப்போவுக்குத் திரும்பிவிடுகிறதா என்பது. இதை உரிமையாளரிடம் கேட்பதைவிட, வேலைநாள் காலையில் ஸ்டாப்பில் நின்று வரும் பேருந்துகளில் ஏற இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும், அங்கே நிற்பவர்களிடம் கேட்பதும் மேல்.

பள்ளி பற்றிச் சுருக்கமாக. "பக்கத்துல ஸ்கூல் இருக்கு" என்றால் எந்த வகுப்பு வரை, பயிற்றுமொழி எது, உங்கள் பிள்ளையின் வகுப்பில் நடு ஆண்டில் இடம் கிடைக்குமா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். உரிமையாளரிடம் கேட்க வேண்டியது வேறு: சேர்க்கைக்கு முகவரிச் சான்று கேட்டால், வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில், முழு முகவரியோடு எழுதித் தருவாரா? வாய்ப்பேச்சில் வீடு விடும் உரிமையாளர்கள் இங்கேதான் இழுத்தடிப்பார்கள்.

பாதுகாப்புக்குப் பகலில் பதில் கிடையாது. இரவு 9 மணிக்கு மேல், கடைசிப் பேருந்தில் வருபவர்போல ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது, எங்கே கடைகள் அடைத்து வழி வெறிச்சோடுகிறது, மாடிப்படியில் விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, படியில் போனில் சிக்னல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வாசல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? சாவி ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டா, இல்லை அவரை எழுப்ப வேண்டுமா? முந்தைய குடித்தனக்காரர் ஏன் காலி செய்தார்? கடைசிக் கேள்வியை அவரிடமும் பக்கத்து வீட்டிலும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னும் நாலு வீடு பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் திருப்தி என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "நீங்கள் சொன்னபடி தெருக்குழாய்த் தண்ணீர் இந்தக் கிழமைகளில், இந்த நேரம். மோட்டார் மின்கட்டணம் இவ்வளவு பங்கு. லாரித் தண்ணீர்ச் செலவு உங்களுடையது. கேட் சாவி ஒன்று எங்களுக்கு." அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு பணத்தை எடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குடும்பத்திடம் இப்படி ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. அவர்கள் போய்க் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதில்: "தொட்டியில இருந்தா வரும்னுதானே சொன்னேன்."