சம்ப் மோட்டாருக்கு ரிலேயா, பி.எல்.சி.யா, போர்டா?

பெங்களூரு அல்சூரில் ஓர் அபார்ட்மென்ட். மேல்தொட்டி காலியானால் மோட்டார் ஓட வேண்டும். தொட்டி நிரம்பினாலோ சம்ப் வற்றினாலோ நிற்க வேண்டும். ஒரே ஒரு பேனல்தான். அதற்குள் வெறும் ரிலேயா, பி.எல்.சி. எனும் தொழிற்சாலை கன்ட்ரோலரா, மைக்ரோகன்ட்ரோலர் போர்டா?

செலவு
போர்டு: எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய். கான்டாக்டர், பவர் சப்ளை, பெட்டி தனி.
பி.எல்.சி.: பல ஆயிரம்.
ரிலே: இரண்டு ஃப்ளோட் சுவிட்ச், ஒரு கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே. அவ்வளவுதான்.

தாங்கும் திறன்
போர்டு இங்கேதான் சறுக்கும். கான்டாக்டர் காயில் அணையும் நொடியில் எழும் மின்னழுத்தத் துள்ளல் போர்டை ரீசெட் செய்துவிடும். காயிலைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கோளாறு மறைகிறதா? அப்படியானால் புரோகிராமைத் திட்டாதீர்கள். ஏசி காயிலுக்குக் குறுக்கே ஆர்.சி. ஸ்னப்பர் போடுங்கள். மாடியிலிருந்து வரும் நீண்ட ஃப்ளோட் ஒயரும் 3.3 வோல்ட் இன்புட்டைக் குழப்பும், ஆப்டோகப்ளர் வேண்டும். பி.எல்.சி.யின் 24 வோல்ட் இன்புட் இதைப் பெரும்பாலும் தாங்கும்.

பழுது
ரிலே: தெரு எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்போடு வந்தால் போதும்.
மற்ற இரண்டு: புரோகிராம் பிரதி யாரிடம்?

இந்த வேலைக்கு என் ஓட்டு ரிலேவுக்கே. இரண்டு மோட்டார் மாறி மாறி, நேரக் கணக்கோடு ஓட வேண்டுமென்றால் டைமர்களை அடுக்காமல் பி.எல்.சி. வாங்குங்கள். தொட்டியின் அளவு போனில் தெரிய வேண்டுமா? போர்டு சேருங்கள், ஆனால் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பு ஃப்ளோட்டிடமே இருக்கட்டும்.