தராசுப் படத்தில் இருப்பது 3-ஆ, 9-ஆ? இரண்டு வாசிப்பு முறைகள்

டிஜிட்டல் தராசு காட்டும் எடையைக் கைப்பேசியில் படமெடுத்து, பிறகு குறிப்பேட்டில் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இலக்கத்தின் மொத்த உருவத்தைப் பார்த்து எழுதுவது ஒன்று. அதன் ஏழு கோடுகளையும் தனித்தனியே சரிபார்த்து எழுதுவது மற்றொன்று. ரொட்டி மாவின் அளவுகளைக் குறித்துவைக்கும் நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

படம் தெளிவாக இருந்தால் முதல் முறையே போதும், வேகமானதும்கூட. ஆனால் இந்தத் திரையில் ஒரே ஒரு கோடு இல்லாமல் போனாலும் பிழையற்ற வேறோர் இலக்கம் கிடைத்துவிடக்கூடும்: 8-இல் நடுக்கோடு மறைந்தால் 0, 7-இல் மேல்கோடு மறைந்தால் 1.

ஆகவே 'எரிகிறது', 'அணைந்திருக்கிறது' என்ற இரண்டோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலையும் வேண்டும். இரண்டாவது முறையின் பலமே இதுதான். ஒரு படத்தில் முதல் இலக்கம் 2, கடைசி இலக்கம் 6 என்று தெளிவாக இருக்கின்றன. நடு இலக்கத்தில் மேல், நடு, கீழ்க் கோடுகளும் வலப்புறக் கோடுகள் இரண்டும் எரிகின்றன. இடப்புறக் கீழ்க்கோடு அணைந்திருப்பது நன்றாகத் தெரிகிறது. இடப்புற மேல்கோட்டின் மீது குழல்விளக்கின் ஒளி விழுந்து அந்த இடமே வெளுத்திருக்கிறது. இடப்புறக் கீழ்க்கோடு அணைந்திருப்பதால் 8 இல்லை. மிஞ்சுபவை 3, 9 இரண்டுதான். செய்முறை 300 கிராம் கேட்கும்போது 296 என்று எழுதக் கை போகும், ஆனால் அது படம் சொன்னதன்று, நம் எதிர்பார்ப்பு சொன்னது. '236 அல்லது 296' என்று எழுதிவைத்து, தராசைச் சற்றுத் திருப்பி மறுபடி படமெடுப்பதே சரி.

கோடே பழுதாகியிருந்தால் எத்தனை படம் எடுத்தாலும் பயனில்லை. பல தராசுகள் இயக்கியவுடன் ஒரு கணம் 8888 என்று எல்லாக் கோடுகளையும் காட்டும்; அதைப் படமெடுத்தால் எந்த இடத்தில் எந்தக் கோடு எரிவதில்லை என்பது தெரிந்துவிடும். குறிப்பாக இடப்புறக் கீழ்க்கோடு பழுதானால் 8 என்பது 9 ஆகவும் 6 என்பது 5 ஆகவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும் என்பதால், இந்தச் சோதனையை நான் தவறவிடுவதில்லை.

எல்இடி கடிகாரப் படங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றுள் பலவற்றில் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக எரிந்து அணைவதால், ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் எரிய வேண்டிய கோடும் படத்தில் கருப்பாகவே விழும். அங்கே கருப்பு என்பதை 'அணைந்தது' என்று கொள்ளாமல், 1/30 நொடி அளவுக்கு ஷட்டரைத் தாழ்த்தி எடுப்பது நல்லது. பல படங்களில் எரியும் கோடுகளைச் சேர்த்துப் படிப்பதாக இருந்தால், அவை அனைத்தும் ஒரே நிமிடத்துக்குள் எடுத்தவையாக இருக்க வேண்டும். இடையில் 5 மாறி 6 ஆனால் சேர்ப்பில் 6 மட்டுமே மிஞ்சும், 6 மாறி 7 ஆனால் இல்லாத 8 ஒன்று தோன்றிவிடும்.