ஓபிவி: நல்ல கருவி, ஆனால் அந்த 5.30 மணி

கிரிப்டோ கொயின் வாங்கி வைத்திருக்கும் உப்புவெளி நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "மச்சான், கொயின் ஏறுது, ஓபிவி ஏறேல்ல. வித்துடவா?" சில வருடங்களாக விலைச் சார்ட்டின் கீழே ஓடும் ஓபிவி என்ற இந்தக் கோட்டைப் பார்த்து வருபவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஓபிவி என்பது ஒன் பலன்ஸ் வொலியூம், 1963இல் ஜோசப் கிரான்வில் பிரபலப்படுத்திய கணக்கு. விலை முந்திய நாளைவிட மேலே முடிந்தால் அன்றைய வொலியூம், அதாவது அன்று கைமாறிய அளவு, முழுவதையும் கூட்டு, கீழே முடிந்தால் முழுவதையும் கழி. ஒரு கொயின் 100 டொலரில் உச்சம் தொட்டபோது ஓபிவி 500 என்று வையுங்கள். விலை 90க்கு இறங்கி, ஓபிவி 380க்கு வந்தது. பிறகு 94இல் முடிந்த நாளில் 40 கூடியது, 98இல் முடிந்த நாளில் 30 கூடியது. அடுத்த நாள் 97.99, அதனால் 35 கழிந்தது. அதற்கடுத்த நாள் 103, 25 கூடியது. விலை புதிய உச்சத்தில் நிற்கிறது, ஓபிவியோ 440தான். இறங்கும்போது விற்றுப்போன அளவுக்கு, ஏறும்போது வாங்க ஆள் வரவில்லை என்பதே இதன் அர்த்தம். விலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அதற்காகவே எனக்கு இந்தக் கோட்டைப் பிடிக்கும்.

எனக்குக் கோபம் வருவது அந்த 97.99இல்தான். அது 98.01இல் முடிந்திருந்தால் அதே 35 கூடியிருக்கும், ஓபிவி 510க்குப் போயிருக்கும். விலை ஏற ஓபிவி பின்தங்கும் இந்த முரண்பாடே இருந்திருக்காது. இரண்டு சதம் கதையையே மாற்றிவிடுகிறது! பங்குச்சந்தைக்கு மணி அடித்து மூடும் நேரம் உண்டு, அந்த முடிவு விலைக்கு ஒரு பொருள் இருக்கிறது. கொயின் சந்தை மூடுவதே இல்லை. பெரும்பாலான சார்ட்டுகளில் ஒரு நாள் விலையைக் காட்டும் கேண்டில் முடிவது UTC நள்ளிரவில், அதாவது இங்கே திருகோணமலையில் காலை 5.30க்கு. அந்த நிமிடத்து விலைக்கு வேறு எந்தச் சிறப்பும் கிடையாது.

அதனால் முரண்பாடு தெரிந்தால், அதை உண்டாக்கிய நாட்களைத் தேடிப் பார்ப்பேன். நூலிழையில் கீழே முடிந்த, வொலியூம் பெரிதான நாள் ஒன்று இருந்தால் 4 மணிநேர கேண்டிலுக்கு மாற்றுவேன். அங்கேயும் ஓபிவி முந்திய உச்சத்துக்குக் கீழே நின்றால்தான் நம்புவேன். இன்னொரு எக்ஸ்சேஞ்சின் சார்ட்டையும் திறப்பேன், ஏனென்றால் சார்ட்டில் தெரிவது பெரும்பாலும் அந்த ஓரிடத்து வொலியூம் மட்டும். தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று வொலியூமை ஊதிக் காட்டும் இடங்களில் இந்தக் கோட்டைப் பார்ப்பதே வீண்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் விலை இன்னும் பல வாரம் ஏறலாம். ஆகவே முரண்பாட்டைக் கண்டதும் விற்பதில்லை. புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு, விலை இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப்பை இடையில் விழுந்த அந்த 97.99க்குச் சற்றுக் கீழே கொண்டுவருவேன்.

புதிதாக வருபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். என் சார்ட்டிலிருந்து எடுக்கச் சொன்னால் எடுக்கவும் மாட்டேன்.