உணவகத்துக்கு இடம் பிடிப்பவர்கள் கவனத்துக்கு: என் அட்வான்ஸ் எப்படிப் போனது

உணவகம் தொடங்க இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் பதினான்கு மாதம் டிபன் கடை நடத்தினேன். வியாபாரம் இல்லாமல் அதை மூடவில்லை. காலை ஏழரை மணிக்கே மேசைகள் நிறைந்துவிடும். ஒப்பந்தத்தில் இருந்த மூன்று வரிகள் சேர்ந்து என்னை வெளியேற்றின.

தரைத்தளத்தில் 1,100 சதுர அடி. மேலே இரண்டு தளங்களில் குடியிருப்புகள். உரிமையாளர் 60,000 ரூபாய் வாடகை கேட்டார். மூன்று வாரம் பேசி 55,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தேன். என் கவனம் முழுவதும் அந்த ஐயாயிரத்தில்தான் இருந்தது. "தம்பி, வாடகையில் நீங்கள் சொன்னதற்கு ஒத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் எல்லோரும் போடுவதுதான்" என்றார். பத்து மாத வாடகையான 5,50,000 ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்தேன்.

அந்த "மற்றது" என்ன என்று சொல்கிறேன். 36 மாதம் லாக்-இன். அதற்குள் காலி செய்தால் மீதி மாதங்களுக்கான வாடகையையும் நான் தரவேண்டும். உட்புறப் பழுதுகள் அனைத்தும் வாடகைதாரர் பொறுப்பு. நான் தரவேண்டிய எந்தத் தொகையையும் அவர் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தபோது எனக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை. பதிவுச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று தரகர் சொன்னதால், ஒப்பந்தம் 11 மாதத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. 11 மாத ஒப்பந்தத்துக்குள் 36 மாத லாக்-இன் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை.

உள்வேலைக்குச் சுமார் ஒன்பது லட்சம் செலவானது. தரைக்கு டைல்ஸ், புகைபோக்கிக் குழாய், சமையலறை மேடைகள் என்று திரும்ப எடுத்துப்போக முடியாதவையே அதில் பெரும்பகுதி.

ஐந்தாம் மாதம் பின்பக்கச் சாக்கடைத் தொட்டி பொங்கியது. உணவகம் என்பதால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் காரணம் என்று உரிமையாளர் உடனே சொல்லிவிட்டார். நானும் நம்பினேன். பிசுக்குத் தொட்டி வைத்திருந்தோம், வாரம் இருமுறை வழித்தெடுத்தோம், ஆள் வைத்து அடைப்பும் எடுத்தோம். பத்தே நாளில் மறுபடி பொங்கியது. நான்கு மாதத்தில் இதற்காகவே 40,000 ரூபாய்க்கு மேல் போனது.

உண்மை தெரிந்தது ஒரு விடுமுறையில்தான். தீபாவளிக்குக் கடையை மூன்று நாள் அடைத்திருந்தோம். எங்கள் சமையலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புழங்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் தொட்டி நிரம்பி நின்றது. மேல்வீடுகளின் கழிவுநீரும் அதே குழாய்க்குத்தான் வந்துகொண்டிருந்தது. பிளம்பர் ஓரிடத்தில் தரையைத் தோண்டிப் பார்த்தார். பழைய பீங்கான் குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வாட்டம் இல்லாததால் கழிவு அங்கேயே தேங்கியது. முழு நீளத்துக்கும் குழாயை மாற்ற 1,85,000 ரூபாய் ஆகும் என்றார்.

உரிமையாளரிடம் போனேன். "குழாய் உங்கள் கடைத் தரைக்குக் கீழேதானே போகிறது? அது உட்புறம்தானே?" என்று கேட்டார். ஒப்பந்தத்தில் 'உட்புறம்' என்ற சொல்லுக்கு விளக்கம் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுதல், மின்கம்பி மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பக்கம் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு நீக்குதல் போன்றவை வாடகைதாரர் பக்கம் வருகின்றன. என் பக்க நியாயத்தின் உயிரே இந்தப் பாகுபாட்டில்தான் இருந்தது: அடைப்பு என்றால் என் செலவு, குழாய் என்றால் அவர் செலவு. ஆனால் எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டுவிட்டால் அட்டவணைக்கு முன் அந்த எழுத்துதான் நிற்கும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இன்னொரு வழி உண்டு. உரிமையாளர் செய்யவேண்டிய பழுதை அவர் செய்யாவிட்டால், அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் பார்த்துவிட்டு, நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பழுது அவர் கடமை என்றால்தான் இது பொருந்தும். அந்தக் கடமையை நானே கையெழுத்திட்டு என் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நாற்றத்தோடு உணவு பரிமாற முடியாது. பதினான்காம் மாதம் காலி செய்தேன். மீதி 22 மாதம், 55,000 வீதம் 12,10,000 ரூபாய் என்று அவர் கணக்குப் போட்டார். அட்வான்ஸைக் கழித்தபின்னும் 6,60,000 நான் தரவேண்டுமாம். அன்று இரவு என் மனைவியும் நானும் தூங்கவில்லை.

வழக்கறிஞர் சொன்னது கொஞ்சம் ஆறுதல் தந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாத தாளை வைத்து 36 மாதக் கெடுவை நிரூபிப்பது உரிமையாளருக்குக் கடினம். மேலும் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, தாளில் எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் அவர் எதற்காக நீதிமன்றம் போகவேண்டும்? பணம் அவர் கையில் இருக்கிறது. வழக்குப் போடவேண்டியவன் நான். கடைசியில் 2,00,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அதே இடத்துக்கு ஒரு கைப்பேசிக் கடை வந்தது. என் 3,50,000 ரூபாயும் அவரிடம் இருக்கிறது, புது வாடகையும் வருகிறது. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே அட்வான்ஸ், லாக்-இன், பழுது ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுங்கள். அந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸின் உச்சமாக வைக்கிறது. அதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள், அதற்காக வாடகையைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை. லாக்-இன் உரிமையாளரையும் கட்டவேண்டும். உள்வேலைக்குப் போட்ட பணத்தை எடுப்பதற்குள் அவர் நம்மை எழுப்பக்கூடாது. முன்கூட்டிக் காலி செய்தால், மீதி மாதங்களுக்கு நாம் தரவேண்டிய வாடகை புது ஆள் குடிவந்த நாளோடு முடிந்துவிடும் என்று எழுதுங்கள். கழிவுநீர்க் குழாய், கூரை, பிரதான மின்கம்பி ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். அறிவிப்புக் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் லாக்-இன் முடிந்துவிடும் என்ற வரியும் வேண்டும்.

கையெழுத்துக்கு முன், மேல்வீட்டார் தண்ணீர் புழங்கும் காலை வேளையில் அங்கே போங்கள். தொட்டி மூடிகளைத் திறந்து வையுங்கள். சமையலறை வாய்க்காலில் 200 லிட்டர் டிரம் இரண்டை ஒரே நேரத்தில் கவிழ்த்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்கினால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

இப்போது வேறு இடத்தில் சிறிய கடை எடுத்திருக்கிறேன். நான்கு மாத அட்வான்ஸ், 12 மாத லாக்-இன், பதிவு செய்த ஒப்பந்தம். வாடகை, பக்கத்துக் கடையைவிட 3,000 ரூபாய் கூடுதல். புது ஆள் வந்தால் மீதி மாத வாடகை முடிந்துவிடும் என்ற வரிக்கு மட்டும் உரிமையாளர் இரண்டு நாள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் டோக்கன் பணம் கொடுக்காமல் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.