கேபிளா, போனின் முதுகா: ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குச் சார்ஜ் கொடுக்கும் வழிகள்

நண்பரின் போனில் 4 சதவீதம் சார்ஜ் மிச்சம் இருந்தது, என்னுடையதில் 70. இரண்டும் ஆண்ட்ராய்டு, இரண்டிலும் டைப்-சி துளை. பையில் கிடந்த கேபிளால் இரண்டையும் இணைத்து மேசையில் வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கிவிட்டோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவருடைய போன் அணைந்து கிடந்தது. என்னுடையது 72ஐத் தொட்டிருந்தது. மயங்கிக் கிடப்பவரிடம் இரத்தம் எடுத்து, நன்றாக இருப்பவனுக்கு ஏற்றிய கதை.

போன்களில் எந்தக் கோளாறும் இல்லை. டைப்-சி துளை உள்ள போன் மின்சாரத்தை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். எதனுடனும் இணைக்கப்படாத நேரத்தில் அது ‘நான் கொடுப்பவன்’, ‘நான் வாங்குபவன்’ என்று இரண்டு வேடங்களையும் விநாடிக்குப் பல முறை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பதும் அதே பழக்கம் உள்ள போன் என்றால், கேபிள் செருகப்படும் கணத்தில் யார் எந்த வேடத்தில் இருந்தார்களோ அப்படியே ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த முதல் கைகுலுக்கல் பார்ப்பதில்லை. ஐபோன்கள் இதில் கொஞ்சம் புத்திசாலிகள்: 2023இல் வந்த ஐபோன் 15 முதல், டைப்-சி உள்ள இரண்டு ஐபோன்களை இணைத்தால் குறைவாக இருப்பதற்குத்தான் சார்ஜ் போகும்.

ஆகவே கேபிள் வழியில் முதல் வேலை, திசையைச் சரிபார்ப்பது. ஆண்ட்ராய்டில் மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்தால் யுஎஸ்பி பற்றி ஒரு வரி இருக்கும். கொடுக்க வேண்டிய போனில் “Charging this device via USB” என்று இருந்தால் மின்சாரம் தலைகீழாக ஓடுகிறது. அதைத் தொட்டு உள்ளே போய் “Charge connected device” என்பதை இயக்கினால் திசை மாறும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சொற்கள் கொஞ்சம் மாறும், இடம் இதுதான். மாற மறுத்தால் கேபிளைக் கழற்றி மறுபடி செருகிப் பார்க்கலாம். சீட்டைக் குலுக்கிப் போடுவது போலத்தான்.

இதைவிட எளிய தந்திரம் ஒன்று உண்டு. வாங்க வேண்டிய போனை அணைத்துவிட்டு இணையுங்கள். அணைந்த போன் பெரும்பாலும் வாங்கும் வேடத்தில் மட்டுமே இருக்கும். திசை தானாகத் தீர்ந்துவிடும், ஏறுகிற மின்சாரத்தைத் திரையும் சிக்னல் தேடலும் தின்பதும் இல்லை. இணைத்தவுடன் இன்னொரு கேள்வியும் திரையில் வரலாம்: கோப்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று. முன்பின் தெரியாதவருக்குச் சார்ஜ் கொடுக்கும்போது அதை மறுத்துவிடுங்கள். சார்ஜ் ஏற அந்த அனுமதி தேவையில்லை.

கேபிள் வழியிலேயே இன்னொரு போட்டியாளர் இருக்கிறது, பலரும் மறந்துபோனது: ஓடிஜி அடாப்டர். பென் டிரைவைப் போனில் செருகப் பயன்படுத்தும் அந்தச் சிறிய துண்டுதான். அதன் ஒரு முனை டைப்-சி, மறுமுனை பழைய அகன்ற யுஎஸ்பி துளை. அதில் பழைய சார்ஜர் கேபிளைச் செருகி, கேபிளின் டைப்-சி முனையை வாங்கும் போனில் போட வேண்டும். அடாப்டருக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்த போனுக்குத் தான் கொடுப்பவன் என்று உறுதியாகிவிடும். மறுமுனையில் கேபிளுக்குள் இருக்கும் வேறொரு மின்தடை, அந்தப் போனிடம் ‘நீ வாங்குபவன்’ என்று சொல்லிவிடும். அடாப்டர் எந்தப் போனில் செருகப்பட்டிருக்கிறதோ அதுதான் கொடுக்கும். என் நண்பரின் போன் அன்று இந்த அமைப்பில் இருந்திருந்தால் அணைந்திருக்காது.

விலை வேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த இணைப்பில் வாங்கும் போன் எதிரில் இருப்பதைப் பெரும்பாலும் ஒரு சாதாரண கணினித் துளையாக எண்ணி 500 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐபோன் 15 தரும் உச்ச அளவு 4.5 வாட். எப்படிப் பார்த்தாலும் சுவரில் செருகும் சார்ஜரின் வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இன்னொரு சிக்கல்: சில போன்களில் ஓடிஜி வசதியை அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டும், பயன்படுத்தாமல் விட்டால் சில நிமிடங்களில் அது தானாக அணையும். செருகியும் எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி கண்ணுக்கு அழகானது: போனைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் இன்னொன்றை வைப்பது. 2018 இறுதியில் ஹுவாவேயின் மேட் 20 ப்ரோவில் வந்தது, அடுத்த ஆண்டு சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 வரிசையில் பரவலானது. கேபிள் வேண்டாம், திசைக் குழப்பம் இல்லை. இயக்கிய போன்தான் கொடுக்கும். ஐபோனின் முதுகில் இயர்பட்ஸ் பெட்டியை வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை, அதில் இந்த வசதி கிடையாது.

அழகு இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள இரண்டு போன்கள். நண்பருக்கு 20 சதவீதம் ஏற்ற வேண்டும். பேட்டரியின் சராசரி அழுத்தம் 3.85 வோல்ட் என்று கொண்டால் முழு பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி, அதில் 20 சதவீதம் 3.85 வாட்-மணி. கேபிளில், கொடுக்கும் போன் தன் 3.85 வோல்ட்டை 5 ஆக உயர்த்தும்போது பத்தில் ஒரு பங்கு போகும், வாங்கும் போன் அதைத் திரும்பக் குறைக்கும்போது இன்னொரு பத்தில் ஒரு பங்கு. ஆக நான் இழப்பது 4.75 வாட்-மணி, என் பேட்டரியில் 25 சதவீதம். 4.5 வாட்டில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், ஓடிஜியின் 2.5 வாட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

முதுகு வழியில், பெயரளவில் 4.5 வாட் என்றாலும் சுருளிலிருந்து சுருளுக்குத் தாவும்போது பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. மொத்தத்தில் 45 சதவீதம் சேர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். அதே 20 சதவீதத்தை அவருக்குக் கொடுக்க நான் எட்டரை வாட்-மணி, அதாவது என் பேட்டரியில் 44 சதவீதத்தைக் கரைக்க வேண்டும். நேரம் இரண்டு மணி நேரத்தை நெருங்கும், அதுவும் இரண்டு போன்களும் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளாமல் இருந்தால். 70இல் தொடங்கியவன் 26இல் நிற்பேன். போனுக்குப் போன் முதுகு வழியில் கொடுப்பதை நான் ஒரு முறை காட்சிக்காகச் செய்திருக்கிறேன், அதோடு சரி.

இந்தக் கணக்கெல்லாம் வாங்கும் போன் சும்மா கிடந்தால் மட்டுமே. திரையை எரியவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவே 2 வாட்டுக்கு மேல் குடித்துவிடும். 2.5 வாட் உள்ளே வருகிறது, ஏறக்குறைய அத்தனையும் வெளியே போகிறது, சதவீதம் அசையாது. ‘சார்ஜ் ஏறுகிறது’ என்ற மின்னல் குறியை நம்ப வேண்டாம், பத்து நிமிட இடைவெளியில் சதவீதத்தை இரண்டு முறை குறித்துப் பாருங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் கேபிளுக்கு இடையில் செருகும் சிறிய யுஎஸ்பி மீட்டர் வோல்ட்டையும் ஆம்பியரையும் நேராகக் காட்டிவிடும்.

இயர்பட்ஸ் விஷயத்தில் ஆட்டம் மாறுகிறது. பெட்டிக்குள் 400 மில்லி ஆம்பியர்-மணி இருந்தால் அது வெறும் ஒன்றரை வாட்-மணி. கேபிளில் முழுதாக ஏற்ற என் பேட்டரியில் சுமார் 10 சதவீதம், முதுகில் 17 சதவீதம். வித்தியாசம் வலிக்கிற அளவில் இல்லை. முழுதாக ஏற்றவும் தேவையில்லை. ஒரு மணி நேரப் பாட்டுக்குக் கால் மணி நேரச் சார்ஜ் பெரும்பாலும் போதும்.

ஆனால் இயர்பட்ஸ் பெட்டிகளிடம் வேறொரு வம்பு இருக்கிறது. மலிவான பெட்டிகள் சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ‘நான் வாங்குபவன்’ என்று அறிவிக்க வேண்டிய அந்த 5.1 கிலோ ஓம் மின்தடை மட்டும் இருக்காது. இருமுனை டைப்-சி கேபிளில் இணைத்தால் போனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது, மின்சாரத்தைத் திறக்காது. பெட்டி கெட்டுப்போனதாக நினைத்துவிடுவோம். அதே பெட்டி பழைய கேபிளில் ஒழுங்காக ஏறுகிறது என்றால் நோய் இதுதான், மருந்து ஓடிஜி அடாப்டர்.

முதுகில் வைப்பதாக இருந்தால் பெட்டியும் வயர்லெஸ் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இடம் முக்கியம்: போனின் சுருள் பொதுவாக முதுகின் நடுப்பகுதியில் இருக்கும், பெட்டியின் சுருளோ சின்னது. ஒரு விரல் அகலம் விலகினால் போதும், ஏறாது. பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுங்கள். தடித்த உறையையும், உறைக்குள் செருகிய அட்டைகளையும், உலோக வளையத்தையும் கழற்றிவிட வேண்டும். போன் அதிர்ந்தால் பெட்டி மெல்ல நகர்ந்துவிடும் என்பதால் அதிர்வையும் அணைத்துவிடுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி ஓர் ஓரத்தில் இருக்கும், சார்ஜ் பழைய இடத்திலேயே இருக்கும். எனக்கு இருமுறை நடந்திருக்கிறது.

பவர்பேங்க் இருக்கும்போது போனை ஏன் வருத்த வேண்டும் என்று கேட்கலாம். போனுக்குப் போன் என்றால் கேள்வி சரிதான். இயர்பட்ஸுக்கு மட்டும் போன் சில நேரம் மேல்: பெட்டி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் பல பவர்பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பாதியில் அணைந்துவிடும்.

என் பையில் இப்போது பழைய கேபிளின் அகன்ற முனையில் ஓடிஜி அடாப்டர் நிரந்தரமாகச் செருகப்பட்டே இருக்கிறது. முதுகு வழியை இரவில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: போன் சுவர்ச் சார்ஜரில், அதன் முதுகில் இயர்பட்ஸ் பெட்டி. சார்ஜரில் இருக்கும்போதும் முதுகில் கொடுக்க எல்லாப் போனும் சம்மதிப்பதில்லை, என்னுடையது சம்மதிக்கிறது. வீணாவது சுவரின் மின்சாரம்தான், என் பேட்டரி இல்லை. பெட்டி நகராமல் இருக்கப் போனுக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தேன். சூடு வெளியேறாமல் ஏறுவது நின்றுவிட்டது, அதனால் இப்போது வெறும் மேசைதான்.