கேன்சல் பட்டனே இல்லாத சந்தா: கார்டிலிருந்து பணம் போவதை வங்கி வழியாக நிறுத்துங்கள்

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் செயலி என்று வைத்துக்கொள்வோம். 7 நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அதுவரை 5 ரூபாய்தான் என்கிறது விளம்பரம். கார்டு எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டாயிற்று. எட்டாம் நாள் 899 ரூபாய் போகிறது, பிறகு மாதாமாதம் போகிறது. நிறுத்தலாம் என்று செயலிக்குள் தேடினால் அதற்கான இடமே இல்லை. உதவி எண்ணுக்கு அழைத்தால் "மெயில் போடுங்க சார்" என்பார்கள். மெயில் போட்டால் ஒரு படிவம் வரும். படிவத்தை நிரப்பினால் "உங்களுக்கு மட்டும் மூன்று மாதம் பாதி விலை" என்று பதில் வரும். அதற்குள் அடுத்த 899 போயிருக்கும். செயலியை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று. ஆனால் அந்தத் தடையைச் சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் பணம் போகும் வழியை அடைத்துவிட வேண்டும். அதற்கு நிறுவனத்தின் தயவு தேவையே இல்லை.

முதல் நாள் நீங்கள் போட்ட ஓடிபி 5 ரூபாய்க்கு மட்டுமானதல்ல. இனிவரும் மாதங்களிலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் அதிலேயே பதிவாகிவிட்டது. இதற்கு இ-மேண்டேட் என்று பெயர். சில வங்கிகளின் ஆப்பில் Standing Instructions என்று இருக்கும். ஓடிபி பக்கத்தில் பொடி எழுத்தில் "அதிகபட்சத் தொகை" என்று ஒரு வரி வரும். மாதக் கட்டணம் 899 ஆக இருக்க, அங்கே 15,000 என்று போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான சேவைகளுக்கு ஒரு முறைக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் எடுக்கலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டாக வேண்டும்.

அனுமதியைப் பதிவு செய்து வைத்திருப்பது கார்டு கொடுத்த வங்கி. எந்த நேரத்திலும் அதை ஆன்லைனில் ரத்து செய்யும் வசதியை வங்கி தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் போட்ட விதி. "கம்பெனிகிட்ட சொல்லித்தான் நிறுத்தணும்" என்று கால் சென்டரில் சொன்னால் அது தவறு. விதியைச் சொல்லி, புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போய் Standing Instructions அல்லது E-mandate என்ற பெயரில் தேடுங்கள். சில வங்கிகள் அங்கிருந்து sihub.in என்ற பொதுத் தளத்துக்கு அனுப்பும். கூகுளில் தேடிப் போகாமல், வங்கி ஆப்பிலிருந்தோ வங்கி இணையதளத்திலிருந்தோ போவதே பாதுகாப்பு. பட்டியலில் நிறுவனத்தின் பெயர், தொகை, அடுத்த தேதி இருக்கும். செயலியின் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம், ஆகவே தொகையை வைத்து அடையாளம் காணுங்கள். ரத்து கொடுத்தால் ஓடிபி வரும், போட்டுவிடுங்கள். ரத்தானது என்று காட்டும் திரையைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

எப்போது ரத்து செய்கிறோம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி எஸ்எம்எஸ் அல்லது மெயில் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் வந்த பிறகு மேண்டேட்டை ரத்து செய்தால், ஏற்கெனவே வரிசையில் நிற்கும் அந்த ஒரு தொகை மட்டும் போய்விட விதியே இடம் தருகிறது. நம் உதாரணத்தில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி பணம் போகிறது என்றால், 9ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுவது நல்லது. 11ஆம் தேதி எஸ்எம்எஸ் பார்த்துத்தான் விழித்தீர்கள் என்றால், அந்தத் தகவலிலேயே இந்த ஒரு முறையை மட்டும் மறுக்கும் வழி இருக்கும். முதலில் அதைச் செய்துவிட்டு, அப்புறம் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள்.

பட்டியலில் அந்த நிறுவனமே இல்லையா? இங்கேதான் பலர் திணறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. யூபிஐ ஆட்டோபே வழியாகப் பணம் போனால் கார்டுப் பட்டியலில் வராது, யூபிஐ ஆப்பில்தான் ரத்து செய்ய வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டு நிறுவனம். வெளிநாட்டுப் பரிமாற்றங்கள் பல ஓடிபி இல்லாமலே நடக்கும். சில நிறுவனங்கள் மாதாமாதம் எடுப்பதை மேண்டேட்டாகப் பதியாமல், தனித்தனி வாங்கல் போல அனுப்பிவிடுகின்றன. ஸ்டேட்மென்டில் டாலர் தொகையும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். இதற்கு மருந்து, கார்டு அமைப்பில் உள்ள சர்வதேச ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வைப்பது. வேறு வெளிநாட்டுச் சேவைகளுக்கு அது தேவையென்றால், அதன் வரம்பை அந்தச் சந்தாத் தொகைக்குக் கீழே இறக்கி வையுங்கள்.

இத்தோடு நிறுவனத்துக்கும் ஒரு மெயில் அனுப்பியே ஆக வேண்டும். நீளமாக எதுவும் வேண்டாம். பதிவு செய்த மெயிலிலிருந்து, "இன்றைய தேதியுடன் சந்தாவை ரத்து செய்கிறேன், இனி என் கார்டில் பணம் எடுக்க அனுமதி இல்லை" என்று இரண்டு வரி போதும். பணம் போவது நின்றாலும் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது. ஓராண்டுக்கு என்று ஒப்புக்கொண்டிருந்தால் மீதியைக் கேட்டு அவர்கள் வரலாம்.

ரத்து செய்த பிறகும் 899 போயிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் பதியுங்கள். படிவத்தில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வழக்கு. "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று போட்டால் அது மோசடிப் புகாராகிவிடும். கார்டை முடக்குவார்கள். நிறுவனமோ நீங்கள் முதல் நாள் ஓடிபி போட்டதைக் காட்டி ஜெயித்துவிடும். உங்களுடைய புகார் வேறு: ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள் என்பது. விசா கார்டுகளில் இதற்கென்றே 13.2 என்ற எண்ணில் தனிக் காரணம் உண்டு. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் மெயிலையும் இணையுங்கள். விசா விதிப்படி பொதுவாக 120 நாள் வரை நேரம் உண்டு, ஆனால் வங்கிகள் தங்கள் வசதிக்குக் குறைந்த கெடு வைக்கும். ஸ்டேட்மென்ட் வந்த வாரமே பதிந்துவிடுங்கள். ரத்து செய்வதற்கு முன்னால் போன மாதங்களின் பணம் இந்த வழியில் திரும்பக் கிடைப்பது கடினம். அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாம்.

வங்கி ரத்து செய்ய மறுத்தாலோ, ரத்தான மேண்டேட்டில் பணத்தை விட்டாலோ, எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலையும் அதன் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.