உண்டியலா, வங்கியா: டோஹாவிலிருந்து திருகோணமலைக்கு ஆறு வருடம் காசு அனுப்பியவனின் கணக்கு

நான் கத்தாரில் ஏசி திருத்துநராக வேலை செய்கிறேன். முதல் மூன்று வருடத்தில் பெரும்பாலும் உண்டியலில்தான், அதாவது வங்கிக்கு வெளியே உரிமம் இல்லாத ஆட்கள் வழியாகத்தான், வீட்டுக்குக் காசு அனுப்பினேன். கடைசி இரண்டரை வருடமாக வங்கிக் கணக்குக்கு மட்டுமே. இடையில் என்ன நடந்தது என்பதை எழுதினால், இப்போது டோஹாவிலோ ரியாத்திலோ இருக்கும் நம்மூர் ஆட்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். என் சார்பு வங்கிப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உண்டியலின் வசதிகளை எல்லோரும் அறிவார்கள். அறைக்கே ஆள் வந்து ரியாலை வாங்கிப் போவார், படிவம் இல்லை, வெள்ளிக்கிழமையும் நடக்கும், கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரேட்டும் கொஞ்சம் கூட. 2021 கடைசியில் அது கொஞ்சம் இல்லை, நிறையவே கூட. மத்திய வங்கி டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தது, உண்டியலில் 240 வரை கிடைத்தது. டிசம்பரில் வங்கி வழியே அனுப்பினால் டொலருக்கு 10 ரூபாய் மேலதிகமாகத் தருகிறோம் என்றார்கள், அப்படியும் ஈடாகவில்லை. 1,500 ரியாலுக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய் வித்தியாசம் வரும்போது உண்டியலில் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் போட்டேன்.

ஆனால் 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு அந்த நிலைமை மெல்ல முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு ரேட்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. பழக்கம்தான் மாறவில்லை. "உண்டியலில் கூடக் கிடைக்கும்" என்ற பேச்சு அந்தச் சில மாதங்களில் பிறந்து, காரணம் போன பிறகும் அறைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். கத்தார் ரியால் டொலரோடு 3.64 என்று கட்டப்பட்டது, அது அசையாது. அசைவது நம் ரூபாய் மட்டும். ஆகவே எந்த நாளின் ரேட் உங்களுக்குக் கிடைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வங்கி வழியில் அனுப்ப நாம் போவது எக்ஸ்சேஞ்ச் என்கிற உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனத்துக்கு, அங்கே காசைக் கட்டி ரிசீட் வாங்கும் நிமிடமே ரேட் முடிவாகிவிடும். ஊருக்குப் போய்ச்சேர இரண்டு நாள் ஆனாலும் ரிசீட்டில் இருக்கும் ரூபாய்த்தொகைதான் வரும். உண்டியலில் சொல்லும் ரேட் வாய்ச்சொல்.

2023 மே தொடக்கத்தில் டொலர் 320 அளவில் இருந்தது, ஜூன் தொடக்கத்தில் 300க்குக் கீழே வந்துவிட்டது. என்னோடு அறையில் இருந்த மூதூர்க்காரர் ஒருவர் அந்த நாட்களில் 2,000 ரியாலை உண்டியலில் கொடுத்தார். ரியாலுக்கு 87 என்று பேசினார்கள். இன்று, நாளை என்று ஒன்பது நாள் இழுத்து, "மச்சான், ரேட் விழுந்துட்டு, நான் என்ன செய்ய" என்று 82.50 போட்டுக் கொடுத்தார்கள். 9,000 ரூபாய் போயிற்று. கேட்க எழுத்தில் எதுவும் இல்லை. ரேட் ஏறும் நாளில் அந்த ஏற்றத்தை அவர்கள் நமக்குத் தந்ததும் இல்லை. இதற்கு மேல், வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் பையன் பெட்ரோலுக்கென்று 500, 1,000 பிடித்துக்கொள்வான். அம்மா அதை எனக்குச் சொல்லியதே இல்லை, ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எக்ஸ்சேஞ்சில் நான் கட்டிய கட்டணம் ஒரு தடவைக்கு 15 ரியால். 300 ரியால் அனுப்பினாலும் 3,000 அனுப்பினாலும் அதே 15தான். ஆகவே சின்னத் தொகையை அடிக்கடி அனுப்புகிறவருக்கு வங்கி வழி கடிக்கும், அதை மறைக்க மாட்டேன். நான் மாதம் இரண்டு தடவை அனுப்புவதை நிறுத்தி ஒரு தடவையாக்கினேன், அந்தப் பாரம் பாதியாகிவிட்டது.

சரி, இதெல்லாம் ஆயிரக் கணக்கு. என்னை மாற்றியது வேறு. ஊரில் வந்து சேரும் ரூபாய் யாருடையது என்ற கேள்விதான் அது.

உண்டியலில் நாம் கொடுக்கும் ரியால் இலங்கைக்கு வருவதே இல்லை. அது கத்தாரிலோ துபாயிலோ நின்றுவிடும். டொலர் தேவைப்படும் ஒருவர் அதை அங்கே எடுத்துக்கொண்டு, இலங்கையில் தன்னிடம் இருக்கும் ரூபாயை நம் வீட்டுக்குப் போடச் சொல்வார். அந்த ஒருவர் சாதாரண இறக்குமதி வியாபாரியாக இருக்கலாம். தங்கம் கடத்துகிறவராக இருக்கலாம். போதைப்பொருள் விற்ற காசை வெளியே கொண்டுபோக வழி தேடுகிறவராகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது, நம்மிடம் ரியால் வாங்கிய ஆளுக்கும் பெரும்பாலும் தெரியாது. நம் வேர்வைக் காசு அங்கே நிற்க, யாரோ ஒருவரின் காசு நம் அக்கா, அம்மா பெயரில் உள்ள கணக்கில் வந்து விழுகிறது.

2023 அக்டோபரில் அக்கா வீட்டுக் கூரை வேலைக்கு 3,500 ரியால் அனுப்ப வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் 88.20, உண்டியலில் 89. வித்தியாசம் 2,800 ரூபாய், கட்டணத்தையும் சேர்த்தால் 4,100 அளவில் மிச்சம். பழைய ஆள்தானே என்று உண்டியலில் கொடுத்தேன். மூன்றாம் நாள் அக்காவின் கணக்கில் 3,11,500 ரூபாய் நான்கு துண்டாக வந்தது. நான்கும் காசு வைப்பு மெஷினில் போடப்பட்டவை, நான்கும் மேல் மாகாணத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து. நமக்கு அந்தப் பக்கம் சொந்தமும் இல்லை, தொழிலும் இல்லை. அந்த எஸ்எம்எஸ்களைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா மேசனுக்கு 60,000 எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் கார்டு வேலை செய்யவில்லை. கிளைக்குப் போனால், கணக்கு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது, காரணம் சொல்ல முடியாது என்றார்கள். காசு போட்டவர்களில் ஒருவர் விசாரணையில் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டப்படி, சந்தேகமான காசு என்றால் மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவு கணக்கை நிறுத்தச் சொல்லலாம். முதல் உத்தரவு சில நாட்களுக்குத்தான், விசாரணை முடியாவிட்டால் நீதிமன்றத்தின் வழியே நீடிக்கும். நின்றது உண்டியல் காசு மட்டுமில்லை. அக்கா சீட்டுப் பிடித்துச் சேர்த்த 85,000 ரூபாயும் அதே கணக்கில் இருந்தது, அதுவும் நின்றது.

பதினொரு வாரம். பாதிக் கூரையில் மாரி மழை தொடங்கிவிட்டது. அத்தான் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் எடுத்தார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மூன்று மாதத்துக்கு 12,000. வாக்குமூலம் கொடுக்க இரவு பஸ்ஸில் இரண்டு தடவை கொழும்புக்குப் போனார்கள். அங்கே கேட்டது ஒரே கேள்வி: இந்தக் காசு எங்கிருந்து வந்தது? "தம்பி கத்தாரிலிருந்து அனுப்பினான்" என்றாள் அக்கா. அதற்கு ஆதாரம் எங்கே? போட்டவர் பெயரில் என் பெயர் இல்லை, கத்தார் என்ற சொல்லே இல்லை. என் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், கத்தார் அடையாள அட்டை எல்லாவற்றின் பிரதியையும் அனுப்பி, கடைசியில் விட்டார்கள். நான் மிச்சம் பிடித்தது 4,100.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. வருடக்கணக்காக உண்டியலில் அனுப்பி ஒன்றும் ஆகாதவர்கள் என் அறையிலேயே இருந்தார்கள். ஆனால் நடந்தால் முறையிட இடமில்லை. உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் கத்தாரிலும் சவூதியிலும் குற்றம். "என் காசை அவர் ஏமாற்றினார்" என்று பொலிஸுக்குப் போகிறவர் தானும் அதில் பங்கெடுத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வங்கி வழியில் வரும் தொல்லை வேறு வகை, பெரும்பாலும் பெயரில்தான் வரும். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். முஸ்லிம் நண்பர்களுக்கு முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுத நான்கு விதம். எக்ஸ்சேஞ்சில் பெறுநர் பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்துப்படியே கொடுக்காவிட்டால் காசு இடையில் தொங்கும். எனக்கு ஒரு தடவை ஆறு நாள் தொங்கியது. ஆனால் ரிசீட்டில் இருந்த இலக்கத்தைச் சொன்னதும் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள், பெயரைத் திருத்தினேன், குறையாமல் போய்ச்சேர்ந்தது. எந்தப் புதுக் கணக்குக்கும் முதலில் சின்னத் தொகையை அனுப்பிப் பார்த்துவிட்டுப் பெரிய தொகையை அனுப்புவது நல்லது.

இன்னொன்று, கத்தார் வங்கிக் கணக்கிலிருந்து நேரே ஸ்விஃப்ட் வழியாக அனுப்பினால் இடையில் உள்ள வங்கியும் பிடித்துக்கொள்ளக்கூடும். நான் அதை ஒரே தடவைதான் செய்தேன், எதிர்பார்த்ததைவிடக் குறைந்து வந்தது. மாதச் சம்பளத் தொகைக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரே ஊர்க்கணக்குக்குப் போடுவதே மலிவாக இருந்தது. கணக்கில்லாத பெற்றோருக்கு இரகசிய இலக்கம் சொல்லிக் காசாக எடுக்கும் முறையும் உண்டு. அம்மாவுக்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன், பிரச்சினை இல்லை, அதற்குமேல் அனுபவம் இல்லை. சவூதி, குவைத் கட்டணங்களையும் அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது பெரிய தொகையை ரூபாயாகவே மாற்றுவதில்லை. திருகோணமலைக் கிளையில் என் பெயரில் ஒரு தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்தேன், டொலராகவே போய் விழுகிறது. வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அக்காவின் கணக்குக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு ரிசீட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறாள். போன மாதம் உப்புவெளியில் காணி வாங்கக் கடன் கேட்டு அத்தான் கிளைக்குப் போனபோது, முதலில் கேட்டதும் அந்த ஃபைலைத்தான்.